கல்லீரல் நோயில் ரத்தம்: ஒரே உடலில் கசிவும் உறைவும்

ரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை கல்லீரலில்தான் உருவாகின்றன. ‘உறைதல் காரணிகள்’ எனப்படும் இவற்றுக்கு மருத்துவர்கள் எண்களிட்டிருக்கிறார்கள். காயம் பட்டதும் இவை ஒன்றையொன்று தூண்டி, கடைசியில் த்ராம்பின் என்ற நொதியை உண்டாக்குகின்றன. த்ராம்பின் ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை இழைகளாக்குகிறது. அந்த இழைகளும் தட்டணுக்களும் பின்னிக்கொண்டு காயத்தை அடைக்கின்றன. கல்லீரல் கெட்டால் இந்தக் காரணிகள் குறைகின்றன. அதனால் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களின் ரத்தம் எளிதில் உறையாது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. இந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. இதற்கு முக்கியக் காரணம் ஐ.என்.ஆர். என்ற ஒரு பரிசோதனை எண்.

ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவில் ஒரு தூண்டுபொருளையும் கால்சியத்தையும் சேர்த்து, அது உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். தூண்டுபொருளின் தயாரிப்பைப் பொறுத்து இந்த நேரம் மாறும். எல்லா இடத்திலும் ஒரே அளவு கிடைக்க, 1980களில் உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு விகிதமாக்கியது. அதுவே ஐ.என்.ஆர். நலமாக இருப்பவருக்கு இது ஏறக்குறைய 1. ஆனால் இந்த அளவுகோல், வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுவோரைக் கண்காணிக்கவே உருவானது. கல்லீரல் நோயாளியின் ஒரே ரத்தத்தை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினால் இரண்டு வேறு எண்கள் வரக்கூடும்.

ஐ.என்.ஆர். உயர இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, வைட்டமின் கே பற்றாக்குறை. இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய காரணிகளைக் கல்லீரல் செய்துமுடித்தாலும், வைட்டமின் கே துணையோடு கடைசி வேலை ஒன்று நடந்தால்தான் அவை இயங்கும். கீரைகளில் ஏராளமாக உள்ள இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது. குடல் அதை உறிஞ்சிக்கொள்ளப் பித்தநீர் வேண்டும். இரண்டாவது காரணம், கல்லீரல் செல்களே நலிந்துபோய்ப் புரதங்களைச் செய்ய முடியாத நிலை. ஐந்தாம் காரணி இங்கே வழிகாட்டுகிறது. அதையும் கல்லீரல்தான் செய்கிறது. ஆனால் அதற்கு வைட்டமின் கே தேவையில்லை.

எடுத்துக்காட்டாக, இரண்டு நோயாளிகளைப் பார்க்கலாம். இருவருக்கும் மஞ்சள் காமாலை, இருவருக்கும் ஐ.என்.ஆர். 2.1. முதலாமவர் நாற்பது வயதுப் பெண். பித்தக்குழாயைக் கல் அடைத்து மூன்று வாரம் ஆகிறது, மலம் வெளிறியிருக்கிறது. பித்தநீர் குடலுக்கு வராததால் வைட்டமின் கே உள்ளே சேரவில்லை. அவருக்கு 10 மில்லிகிராம் வைட்டமின் கே மெதுவாக நரம்பு வழியே ஏற்றப்படுகிறது. மறுநாள் ஐ.என்.ஆர். 1.2க்கு இறங்குகிறது. ஐந்தாம் காரணி ஆரம்பத்திலிருந்தே சரியாக இருக்கிறது. இரண்டாமவர் பல ஆண்டு மதுப்பழக்கத்தால் சிரோசிஸ் வந்த ஐம்பத்தைந்து வயது ஆண். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, தட்டணுக்கள் 60,000. அதே ஊசிக்குப் பிறகும் ஐ.என்.ஆர். 2.0இலேயே நிற்கிறது. ஐந்தாம் காரணியும் குறைவு. வைட்டமினைப் பயன்படுத்த வேண்டிய செல்களே போதிய அளவில் இல்லாதபோது, ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவதில் பலனில்லை.

இரண்டாமவருக்கு 2.0 என்ற எண் எதைச் சொல்கிறது? உறைதல் காரணிகள் குறைந்துவிட்டன என்பதை மட்டுமே சொல்கிறது. உறைதல் அளவு மீறாமல் தடுக்கும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றையும் அதே கல்லீரல்தான் செய்கிறது. அவையும் குறைந்துவிட்டன. ஒரு தராசின் இரு தட்டுகளிலிருந்தும் எடையை எடுத்தது போன்ற நிலை இது, ஐ.என்.ஆர். ஒரு தட்டை மட்டுமே பார்க்கிறது. புரோட்டீன் சி வேலை செய்ய, ரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள த்ராம்போமாடுலின் என்ற புரதம் வேண்டும். சோதனைக் குழாயில் அது இல்லை. 2005இல் இத்தாலியில் ஆர்மாண்டோ த்ரிபோடியும் அவரது குழுவினரும் த்ராம்போமாடுலினைச் சேர்த்து அளந்தபோது, சிரோசிஸ் நோயாளிகளின் பிளாஸ்மா நலமானவர்களுடையதைப் போலவே த்ராம்பினை உண்டாக்கியது.

இன்னும் சில ஈடுகளும் உண்டு. எட்டாம் காரணி பெரும்பாலும் ரத்தக்குழாய்ச் சுவர்ச் செல்களில் உருவாவதால், சிரோசிஸில் அது குறையாமல் உயர்கிறது. தட்டணுக்களைக் காயத்தில் ஒட்டவைக்கும் வான் வில்பிராண்ட் காரணியும் கூடுவதால், தட்டணுக்களின் குறைவு ஓரளவு ஈடாகிறது.

அப்படியென்றால் இந்த நோயாளிகள் ரத்த வாந்தி எடுப்பது ஏன்? குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்கு, இறுகிப்போன கல்லீரல் வழிவிடுவதில்லை. அழுத்தம் ஏறி, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள மெல்லிய சிரைகள் புடைத்து ஒருநாள் வெடிக்கின்றன. இது அழுத்தத்தால் வரும் கசிவு, உறையாமையால் வருவதன்று. எனவே அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து, எண்டோஸ்கோபி வழியாக அந்தச் சிரைகளுக்கு ரப்பர் வளையம் போடுவது, தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் ஆகியவைதாம் முதன்மைச் சிகிச்சை. ஐ.என்.ஆரைச் சரிக்கட்டப் பிளாஸ்மாவை ஏற்றினால் எதிர்விளைவு வரக்கூடும். நான்கு பை பிளாஸ்மா ஏறக்குறைய ஒரு லிட்டர். அது ரத்தத்தின் கொள்ளளவைக் கூட்டிப் போர்ட்டல் அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. எண்ணோ சிறிதளவே இறங்குகிறது. நம் நோயாளிக்கு வயிற்று நீரை ஊசியால் எடுப்பதற்கு முன்னும் இதே காரணத்தால் பிளாஸ்மா தேவையில்லை. அந்தச் சிகிச்சையில் ரத்தக்கசிவு அரிது. யாருக்கு வரும் என்பதை ஐ.என்.ஆர். முன்கூட்டிச் சொல்வதுமில்லை.

மறுபக்க ஆபத்தும் அவருக்கு உண்டு. போர்ட்டல் சிரையில் ரத்தம் மெதுவாக நகர்கிறது. தேங்கும் ரத்தம் உறையும். சில மாதங்கள் கழித்து ஸ்கேனில் அங்கே ஒரு கட்டி தெரியலாம். நாள்கணக்கில் படுக்கையில் கிடந்தால் காலிலோ நுரையீரலிலோ கூட உறைவு ஏற்படலாம். ஐ.என்.ஆர். 2 என்பதால் அவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று கொள்ள முடியாது. போர்ட்டல் கட்டிக்கு மருந்து தொடங்குமுன் எண்டோஸ்கோபியில் சிரைகளைப் பார்த்து, ஆபத்தானவற்றுக்கு வழி செய்துவிட்டு, ஹெபாரின் வகை ஊசி தரப்படுவதுண்டு. வார்ஃபரின் இவருக்குப் பொருந்தாது. அதன் அளவை முடிவுசெய்ய ஐ.என்.ஆரை 2க்கும் 3க்கும் இடையே வைக்க வேண்டும். இவருக்கோ மருந்தில்லாமலே அது 2இல் நிற்கிறது.

இரு பக்கமும் குறைந்த நிலையில் அமைந்த இந்தச் சமநிலை சீக்கிரம் குலையக்கூடியது. தொற்றோ சிறுநீரகச் செயலிழப்போ வந்தால் ரத்தம் கசிவின் பக்கமோ உறைவின் பக்கமோ சாயலாம். ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், கடும் வயிற்றுவலி ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

ஐ.என்.ஆருக்குக் கல்லீரல் நோயில் வேறொரு பயன் இருக்கிறது. கல்லீரல் எவ்வளவு புரதம் செய்ய வல்லது என்பதை அது காட்டுகிறது. மாற்றுக் கல்லீரல் யாருக்கு முதலில் தேவை என்று கணிக்கும் மெல்ட் மதிப்பெண்ணில் அதற்கு இடமுண்டு. திடீர்க் கல்லீரல் செயலிழப்பில் மணிக்கு மணி ஏறும் ஐ.என்.ஆர். நிலைமை மோசமாவதை அறிவிக்கிறது. கசிவு இல்லாதபோது அங்கே பிளாஸ்மாவைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: எண்ணைச் செயற்கையாக இறக்கிவிட்டால், கல்லீரல் மீள்கிறதா இல்லையா என்பது தெரியாமல் போகும்.