நேரில் கருப்பு, படத்தில் செம்பட்டை

கருப்பு முடிக்கு பர்கண்டி சாயம் பூசிய ஒருவரை வீட்டுக்குள் படம் எடுத்தால் சாயமே தெரியாது. வாசல் வெயிலில் எடுத்தால் சிவப்பு பளிச்சென்று அடிக்கும். நிழலில் எடுத்தால் ஊதா ஓடும். சாயத்தைத் திட்டுவதற்கு முன் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

குண்டு பல்பின் ஒளி மஞ்சள், சுமார் 2,700 கெல்வின். நடுப்பகல் வெயில் 5,500-ஐ ஒட்டி இருக்கும். வானத்தின் வெளிச்சம் மட்டும் விழும் நிழலில் 7,000-ஐத் தாண்டி நீலம் ஏறிவிடும். இந்த வித்தியாசத்தை நம் கண்ணும் மூளையும் பெருமளவு கழித்துவிடுகின்றன. அதனால்தான் எந்த விளக்கடியிலும் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே தெரிகிறது. கேமராவில் அந்த வேலை ஒயிட் பேலன்ஸுக்கு உரியது. ஆட்டோவில் விட்டால், எதிரே தெரிவதை வைத்து அது வெளிச்சத்தின் நிறத்தை ஊகிக்கும். பின்னால் மஞ்சள் சுவர் நிறைந்திருந்தால், விளக்குதான் மஞ்சள் என்று ஏமாந்து நீலத்தைக் கூட்டிவிடலாம். பர்கண்டி ஊதாவாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டை நிறத்தைவிட முடி நிறம் அதிகம் ஏமாற்றும். கருமுடி திருப்பித் தருவது மிகக் கொஞ்ச ஒளி. அதிலும் ஒரு பங்கு, முடியின் மேல்தோலில் பட்டு அப்படியே தெறிப்பது. அதில் சாயத்தின் நிறம் இருக்காது, விளக்கின் நிறம்தான் இருக்கும். இழைக்குள் புகுந்து வெளியே வரும் ஒளிதான் சாயத்தைச் சுமந்து வருகிறது. அது கண்ணில் படும் அளவுக்கு இருக்க, வெயில் போன்ற வலுவான ஒளி வேண்டும். போதாததற்கு, இருண்ட தலை படத்தை நிறைத்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், கருப்பு பழுப்பாகிவிடும். நரைமுடியின் பாடு இன்னும் மோசம். நிறமி இல்லாததால் பல்படியில் மஞ்சள், நிழலில் நீலம் என்று அகப்பட்ட நிறத்தையெல்லாம் காட்டும்.

ஒயிட் பேலன்ஸாலும் முடியாதது உண்டு. மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் அடர்சிவப்பு ஒளி குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பை முடி எப்படித் திருப்பித் தரும்? ஜன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும் கலந்த அறையிலும் இதே சிக்கல்: ஒரு கன்னத்துப் பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் கெடும்.

நிறம் சரியாக விழ வேண்டுமானால், அறை விளக்குகளை அணைத்துவிட்டு நேர் வெயில் படாத ஜன்னலோரம் நில்லுங்கள். கேமரா கடைகளில் கிடைக்கும் சாம்பல் அட்டையை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டு மற்றவற்றை எடுங்கள். வெள்ளைத்தாள் அவசரத்துக்கு உதவும். ஆனால் அதில் சேர்க்கும் பளபளப்பூட்டி கொஞ்சம் நீலம் காட்டும்.

அடுத்தவர் படத்தைச் சோதிக்க, அதில் உள்ள கண் வெள்ளையையும் வெள்ளைத் துணியையும் பாருங்கள். அவை மஞ்சளித்தோ நீலித்தோ இருந்தால் முடியின் நிறத்தையும் நம்பாதீர்கள். சாயம் தேர்ந்தெடுக்க போனில் உள்ள படத்தை நீட்டாமல், பார்லரில் இருக்கும் சாயமிட்ட மாதிரி முடிக்கற்றையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து பாருங்கள்.