சீழுக்குள் ஒரு திராட்சைக் குலை!

கச்சிராயபாளையம் பக்கம், கரும்பு வெட்டுகிற ஒருவருக்குத் தொடையில் கட்டி என்று வைத்துக்கொள்வோம். சோகை கிழித்த இடத்தில் முதலில் சின்னக் கொப்புளம். நாலாம் நாள் எலுமிச்சம்பழ அளவு. டாக்டர் கீறிவிட்டுச் சீழை லேபுக்கு அனுப்புகிறார். சாயந்திரம் ரிப்போர்ட் வருகிறது: 'கிராம் பாசிடிவ் காக்கை இன் கிளஸ்டர்ஸ்'.

"என்னங்க இது, காக்கைன்னு போட்டிருக்கு?" என்கிறார் மனைவி.

பயப்பட வேண்டாம். பறக்கிற காக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'காக்கை' என்றால் உருண்டைக் கிருமிகள். 'கிளஸ்டர்ஸ்' என்றால் கொத்துக் கொத்தாக. லேப்காரர் கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

எப்படிப் பார்த்தார்? சீழில் ஒரு துளியைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாகத் தடவி, காயவைத்து, தீயில் இரண்டு மூன்று முறை காட்டி எடுப்பார். அதன்மேல் ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம். பிறகு ஆல்கஹாலால் சில விநாடிகள் கழுவி, கடைசியாகச் சிவப்புச் சாயம். தடித்த சுவர் உள்ள கிருமிகள் ஊதாவை விடாது. அவை கிராம் பாசிடிவ். சுவர் மெல்லிசானவை ஊதாவை இழந்து இளஞ்சிவப்பாகிவிடும். அவை கிராம் நெகடிவ். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் டாக்டர் 1884-ல் வெளியிட்ட முறை இது. எடைக் கிராமுக்கும் இதற்கும் உறவில்லை!

இந்த ஆல்கஹால் கழுவலில்தான் கோட்டை விடுவார்கள். குறைவாகக் கழுவினால் எல்லாமே ஊதா. அதிகமானால் எல்லாமே சிவப்பு. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சீழிலுள்ள நம் வெள்ளை அணுக்களின் உட்கரு எப்போதும் சிவப்பாகத் தெரிய வேண்டும். அதுவும் ஊதாவாக இருந்தால் கழுவியது போதவில்லை என்று அர்த்தம். புது ஸ்லைடு போட வேண்டியதுதான்.

ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது கொத்து, சரம், குச்சி என்று வகை தெரியும். ஏன் இந்த வித்தியாசம்? ஒன்று இரண்டாகப் பிரியும் விதம்தான் காரணம். ஒரே திசையில் பிரிந்து, பிரிந்தவை ஒட்டிக்கொண்டே இருந்தால் பாசிமணிச் சரம். அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இப்படியும் அப்படியுமாகப் பல திசைகளில் பிரிந்தால் குலை. 1880-களில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்துச் சர்ஜன் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கட்டிகளின் சீழில் இந்தக் குலையைக் கண்டு, திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ஸ்டஃபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார்.

நம் ஆளின் கட்டி ஓரிடத்தில் திரண்டு நின்றது, ரிப்போர்ட்டில் குலை. இரண்டும் பொருந்துகிறது. சரமாக இருந்தால், சிவப்பு மளமளவென்று பரவுகிறதா என்று டாக்டர் உடனே தொட்டுப் பார்ப்பார். சிவப்புக் குச்சிகள் என்றால் கிருமி குடல் பக்கத்திலிருந்தோ, அழுக்குத் தண்ணீரிலிருந்தோ வந்ததா என்று யோசிப்பார். சர்க்கரை நோயாளி என்றால் குச்சியும் உருண்டையும் கலந்தே வரலாம்.

ஆனால் உருவம் சாதியைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறதல்லவா? வெட்டிய கரும்பு தாமதமானால் சாறு கொழகொழவென்று ஆகும். காரணம் லூகோநாஸ்டாக் என்ற கிருமி. அதுவும் ஊதா நிறம்தான், அதுவும் உருண்டைச் சரம்தான்! ஆலைக்கு அது எதிரி. நம் வீட்டில் இட்லி மாவைப் பொங்க வைப்பதும் அதே கிருமிதான். மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்தால் அதையும் தொண்டைப்புண் கிருமியையும் பிரிப்பது கஷ்டம்.

குலையிலும் சிக்கல் உண்டு. சீழில் ஸ்டஃபிலோகாக்கஸ் சில சமயம் இரண்டிரண்டாகவோ குட்டிச் சரமாகவோ நிற்கும். அதனால் வளர்த்தெடுத்த கிருமியின்மேல் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவார்கள். நுரைத்தால் ஸ்டஃபிலோ, நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோ. ரத்தம் கலந்த தட்டிலிருந்து எடுத்தால் ரத்தமே நுரைத்து ஏமாற்றிவிடும்; அதில் கவனம் வேண்டும்.

தோலில் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டஃபிலோவும் இதே குலைதான். ஆகவே புண்ணின் மேல்பரப்பைத் துடைத்து அனுப்பினால் பிரயோஜனம் குறைவு. உள்ளிருக்கும் சீழே வேண்டும், அதுவும் மாத்திரை தொடங்குமுன். மாத்திரை பட்ட கிருமி ஊதாவை இழந்து சிவப்பாகத் தெரியக்கூடும்.

"அப்போ எந்த மருந்து கேட்கும்னு இதுல தெரியாதா?" என்று மனைவி கேட்டால், தெரியாது. அதற்குக் கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றியதே பாதி வைத்தியம். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ கல்ச்சருக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.