“இனி நாங்களே பாத்துக்கறோங்க”

திருப்பூர்ப் பக்கம் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் ஆலோசகர்களுக்குப் பழக்கமான வாட்ஸ்அப் செய்தி இது. ஒரு பனியன் ஏற்றுமதியாளர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “கணக்குக்கு ஆள் போட்டாச்சுங்க. இனி ரிட்டர்ன் எல்லாம் நாங்களே பாத்துக்கறோங்க.”

கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்று எழுதத்தான் கை முதலில் போகும். எழுதினால், இத்தனை நாள் கூடுதலாக வாங்கினாரா என்ற சந்தேகம் வரும். நோட்டீஸ் வந்தால் தெரியும் என்று மிரட்டுவது இன்னும் மோசம். மிரட்டியவரிடம், தப்பு நடந்த பிறகு திரும்பிப் போக எந்த முதலாளிக்கும் மனம் வராது.

பதில் அன்றைக்கே, சுருக்கமாகப் போகட்டும்:

“நல்லதுங்கண்ணா. ஓடிபி இன்னும் என் நம்பருக்குத்தான் வருது. புதுசா வந்த தம்பியக் கூப்பிடச் சொல்லுங்க, உங்க நம்பருக்கு மாத்திக் குடுத்துடறேன். எல்யூடி மார்ச் 31-ஓட முடியுது, அடுத்த வருசத்துக்கு RFD-11 போடணும். மார்ச் நடுவுல ஒருக்கா ஞாபகப்படுத்தறேனுங்க.”

ஓடிபி விஷயம் சின்னதல்ல. பதிவு செய்யும்போது ஆலோசகரின் கைபேசி எண்ணையே கொடுத்துவிடுவது பல சிறு நிறுவனங்களில் உண்டு. அந்த எண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டு இழுத்தடிப்பவர்களையும் தொழிலில் பார்க்கலாம். கேட்பதற்கு முன்பே மாற்றிக் கொடுத்தால், முதலாளிக்கு நம்மேல் இருந்த கூச்சம் போய்விடும். புதுப் பையனோடு பேசவும் ஒரு காரணம் கிடைக்கிறது. பையனே கூப்பிடாவிட்டால், ஆள் போட்டது பேச்சுக்குச் சொன்னதாக இருக்கலாம். அதைத் தோண்ட வேண்டாம்.

எல்யூடி என்பது ஐஜிஎஸ்டி கட்டாமல் சரக்கை ஏற்றுமதி செய்ய ஏற்றுமதியாளர் கொடுக்கும் உறுதிப்பத்திரம். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். மாதாமாதம் போடும் ரிட்டர்னில் இது வராது. உள்நாட்டு வியாபாரக் கணக்கு மட்டும் பார்த்துப் பழகியவர் எளிதில் தவறவிடும் இடம். விட்டுவிட்டால், வரியைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டிவரும். அதுவரை பணம் முடங்கும். தாமதத்தை அதிகாரிகள் மன்னிக்க வழியுண்டு என்றாலும் விளக்கக் கடிதத்தோடு அலைய வேண்டும். அதனால்தான் “எப்ப வேணா கூப்பிடுங்க” என்பதைவிட இந்த ஒரு தேதி வேலை செய்கிறது. மார்ச்சில் அனுப்பும் செய்தியில் எல்யூடி மட்டும்தான் இருக்க வேண்டும். கட்டணப் பேச்சைச் சேர்த்தால் அது ஞாபகப்படுத்தல் இல்லை, விளம்பரம்.

ஆனால் இலவசத்துக்கும் எல்லை வேண்டும். சப்ளையர் பில் GSTR-2B-யில் வரவில்லையே என்று பையன் கேட்டால், போனிலேயே சொல்லிக்கொடுக்கலாம். தேங்கிய வரவு வரிக்கு RFD-01 போட்டு ரீஃபண்ட் வாங்குவது எப்படி என்று கேட்டால் கதை வேறு. “அது பெரிய வேலை தம்பி. முதலாளிகிட்டச் சொல்லு, அதுக்கு மட்டும் தனியா பில் போட்டுச் செஞ்சு தர்றேன்.”