தடை போட்ட நாளில் குற்றாலம்

சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரச் செய்தியில் ஒரு வரி அடிக்கடி வரும்: ‘வெள்ளப்பெருக்கு காரணமாகக் குற்றாலம் அருவிகளில் குளிக்கத் தடை.’ அதைப் படித்ததும் பாதிப் பேர் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். மீதிப் பேர் போய் இறங்கி, போலீஸ்காரரின் விசிலுக்கு நடுவே நின்று புலம்பிவிட்டுத் திரும்புகிறார்கள். குளிக்கத்தான் குற்றாலம் என்று நினைப்பதால் வருகிற ஏமாற்றம் இது. அருவிகளைப் பார்ப்பதற்கு மட்டும் போகிறவருக்குத் தடை போட்ட நாள்தான் நல்ல நாள். எந்த அருவியை எந்த நேரத்தில் பார்ப்பது, எங்கே நிற்பது, இடையில் எவ்வளவு நடப்பது என்ற மூன்றையும் முன்பே முடிவு செய்துகொண்டால் போதும்.

குற்றாலத்தில் மழைக்காலம் இரண்டு வகை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்தில் கேரளத்தை நனைக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே மலை சற்றுத் தாழ்ந்து கணவாயாக இருப்பதால், அந்தக் காற்றும் தூறலும் இந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கின்றன. இதுதான் சாரல். சாரல் காலத்தில் அருவிகள் பெரும்பாலும் சீராக விழும். இடையிடையே வெயிலும் அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை வேறு குணம் கொண்டது. காலையில் வானம் தெளிவாக இருக்கும். பிற்பகலில் இடி மின்னலோடு மலைமேல் கொட்டித் தீர்க்கும். மாலைக்குள் அருவி நிறம் மாறிவிடும். கோடைமழையும் இதே சுபாவம்தான்.

அருவிக்கு முன்னால் நிற்கும்போது நம் தலைக்கு மேல் உள்ள வானத்தை நம்பக் கூடாது. விழுகிற தண்ணீர் அருவிக்குப் பின்னால் உயரத்தில், மரங்களுக்குள் மறைந்திருக்கும் சரிவுகளில் பெய்த மழை. சரிவு செங்குத்தானது, தூரமும் குறைவு. ஆகவே உச்சியில் பெய்த பெருமழை சமவெளி ஆற்றில் வருவதுபோல நாள்கணக்கில் வராது. சற்று நேரத்திலேயே வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது இதுதான். சீசன் தொடங்கும் முன்பே, பலர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். இங்குள்ள எல்லா அருவிகளும் ஒரே தண்ணீர் அல்ல. பேரருவி சிற்றாற்றில் விழுவது. ஐந்தருவிக்குத் தனி ஓடை. பழைய குற்றாலம் இவற்றிலிருந்து தள்ளி, மலையின் இன்னொரு மடிப்பில் இருக்கிறது. மழை மலை முழுவதும் ஒரே அளவில் பெய்வதில்லை. அதனால் ஓர் அருவி அமைதியாக இருந்தது என்பதை வைத்து அடுத்த அருவியும் அப்படித்தான் என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வோர் இடத்திலும் இறங்கும் முன் புதிதாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

எந்த வரிசையில் போவது?

பேரருவியை நடுப்புள்ளியாக வைத்துக்கொள்வோம். அதையொட்டிச் சில நிமிட நடையில் சிற்றருவி. ஒரு திசையில் சுமார் 5 கிலோமீட்டரில் ஐந்தருவி. எதிர்த்திசையில் ஏழெட்டுக் கிலோமீட்டரில் பழைய குற்றாலம். செண்பகாதேவி அருவியும் தேனருவியும் பேரருவிக்கு மேலே காட்டுக்குள் உள்ளவை. மழைக்காலச் சுற்றில் இவற்றைச் சேர்க்கவே வேண்டாம். செண்பகாதேவிக்கு வனத்துறை அனுமதிக்கும் நாட்களில் மட்டுமே போக முடியும். தேனருவிப் பாதை பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது.

பலர் தூரத்தைப் பார்த்து வரிசை போடுகிறார்கள். மழைநாளில் வெளியேறும் வழியைப் பார்த்து வரிசை போடுவதே சரி. பழைய குற்றாலம் மலை மடிப்புக்குள் ஒதுங்கியிருக்கிறது. வண்டியை விட்டு இறங்கி ஏற்றத்தில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்ப வேண்டும். பிற்பகல் மழைக்கு வாய்ப்புள்ள நாளில் இதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். பேரருவிக்கு முன்னால் கோயில், கடைத்தெரு, அகலமான சாலை எல்லாம் இருப்பதால் சட்டென்று விலகிவிடலாம். அதனால் அதை இறுதிக்கு வைக்கலாம். ஆனால் சாரல் காலமென்றால் பேரருவியைக் காலையிலும் ஒரு முறை எட்டிப் பார்ப்பது நல்லது. மலை மேற்கே இருப்பதால் காலை வெயில் நம் முதுகுப்பக்கமிருந்து அருவியின்மேல் விழும். திவலையில் வானவில் தெரிய வேண்டுமானால் சூரியன் நமக்குப் பின்னால், தாழ்வாக இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு காலையில்தான்.

ஒரு நாளின் கணக்கு

இரண்டு பெரியவர்கள், எட்டு வயதுக் குழந்தை, அறுபது கடந்த பாட்டி என்று ஒரு குடும்பம் வருவதாக வைத்துக்கொள்வோம். மாதம் அக்டோபர். காலை 7 மணிக்குத் தென்காசியிலிருந்து ஆட்டோவில் நேராகப் பழைய குற்றாலம். ஏற்றத்துக்கும் பார்ப்பதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். 9 மணிக்குக் குற்றாலம் வந்து சாப்பாடு. பத்து மணிக்கு ஐந்தருவி நோக்கி நடை.

சமதரையில் நல்ல நடைக்காரர் மணிக்கு 5 கிலோமீட்டர் போவார். நனைந்த சாலை, குடை, குழந்தை, பாட்டி என்றால் 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நேர்மை. ஆக, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். இரண்டு இடத்தில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம். வழியிலுள்ள வெண்ணமடைகுளம் படகுத் துறை இளைப்பாற ஏற்ற இடம். ரம்புத்தானும் மங்குஸ்தானும் விற்கும் பழக்கடைகள் சாரல் காலத்தில் வழியெங்கும் இருக்கும். பாட்டி சிரமப்பட்டால் படகுத் துறையிலேயே ஆட்டோ பிடித்துவிட வேண்டும். நடை முழுவதையும் முடித்தே தீருவது என்ற வீம்பு, திரும்பும்போது காலில் தெரியும்.

நண்பகலில் ஐந்தருவி. முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு வண்டியில் திரும்பிவிட வேண்டும். போன வழியிலேயே நடந்து திரும்புவது கூடாது. களைத்த கால்தான் வழுக்கும், அதுவும் இறக்கத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டால் குற்றாலநாதர் கோயிலும் சித்திர சபையும் இருக்கின்றன. மழை விட்டதும் பேரருவி, சிற்றருவி. நாள் முழுவதும் நடந்தது எட்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

எங்கே நிற்பது?

பேரருவி உச்சியிலிருந்து நேராகத் தரைக்கு விழுவதில்லை. இடையில் பொங்குமாகடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, பொங்கி வழிந்து மறுபடி இறங்குகிறது. தண்ணீரின் வேகத்தை அந்தப் பள்ளம் தாங்கிக்கொள்வதால்தான் மற்ற நாட்களில் கீழே நின்று குளிக்க முடிகிறது. வெள்ளம் வரும்போது பள்ளத்தால் அந்த வேகத்தைத் தாங்க முடிவதில்லை. தண்ணீர் வெளிநோக்கி எகிறுகிறது. குளிக்கும் இடத்தின் மேல் உள்ள பாதுகாப்பு வளைவை, உள்ளூரில் ஆர்ச் என்பார்கள், தண்ணீர் தொட்டுவிட்டால் கீழே யாரும் நிற்கக் கூடாது. பார்வையாளருக்கும் அதுதான் அளவுகோல். வளைவைத் தண்ணீர் தாண்டினால் கோயில் பக்கத்து மேட்டுக்கோ சாலைக்கோ வந்துவிட வேண்டும். அங்கிருந்துதான் அருவியின் முழு உருவமும் கண்ணுக்குள் அடங்கும். அடியில் நின்றால் தெரிவது திவலை மட்டும்தான்.

ஐந்தருவிக்கும் இதுபோல ஓர் அளவுகோல் உண்டு. ஐந்து கிளைகளையும் தனித்தனியாக எண்ண முடிகிறதா என்று பாருங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே திரையாக விழுந்தால் வெள்ளம் என்று பொருள். அப்போது வண்டி நிறுத்தும் பக்கத்திலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பழைய குற்றாலத்தில் ஏறிப் போகும்போதே ஓடை எந்தப் பக்கம் போகிறது, அது பெருகினால் நாம் இறங்கும் வழியை அறுக்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிற்கும் இடம் ஓடையைவிட உயரமாக இருக்க வேண்டும். அங்கிருந்து தண்ணீரைக் கடக்காமல் வெளியே வர முடிய வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிற்கத் தகுந்ததல்ல. தரைப்பாலத்தின்மேல் நின்று படம் எடுப்பதும் வேண்டாம். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும்; வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகிறது.

வெள்ளம் வரும் முன் சில அடையாளங்கள் தெரியும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் சத்தம் கனமாகும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் செருப்பைத் தேடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட வேண்டும். வெள்ளத்தோடு மரக்கிளையும் கல்லும் உருண்டு வரும் என்பதால், தண்ணீர் படாத தூரத்தில் நிற்பதாலேயே அருவியடி பாதுகாப்பாகிவிடாது.

காலில் பிடிமானமுள்ள, வாருள்ள செருப்பு போதும்; ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். பாறைமேல் பச்சையாகத் தெரிவதை மட்டுமல்ல, கருப்பாகப் பளபளப்பதையும் மிதிக்கக் கூடாது. சாப்பாட்டுப் பையை மூடி வையுங்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும்போது பதறிப் பின்வாங்கி ஈரப்படியில் விழுந்தவர்கள் உண்டு. கிளம்பும் முன் எந்தெந்த அருவியில் தடை இருக்கிறது என்று அன்றைய செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். அருவிக்கரையில் நிற்கும் போலீஸ்காரர் விசில் ஊதினால் காரணம் கேட்டு நிற்காமல் முதலில் விலகுங்கள். மேலே என்ன நடக்கிறது என்ற தகவல் உங்களுக்கு முன்பே அவருக்கு வந்திருக்கும்.