அரை நிமிட அறிமுகம்

சென்ற ஆண்டு எங்கள் மாவட்டத்தில் நடந்த செயலாய்வுக் கருத்தரங்கில் ஓர் அமர்வுக்கு என்னைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். மூன்று ஆசிரியர்கள் கட்டுரை வாசிக்க வேண்டும். ஒருவருக்கு 15 நிமிடம், கலந்துரையாடலுக்கு 10 நிமிடம், தலைவருக்கு 5 நிமிடம் என்று மொத்தம் ஒரு மணி நேரம். கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது.

அமர்வு 5 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. நான் செயலாய்வின் பெருமையை 4 நிமிடம் பேசினேன். பிறகு ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தேன். ஒரு குறிப்புக்கு 3 நிமிடம் ஆயிற்று. முதல் இருவரும் ஆளுக்கு 17 நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாமவர் ஒலிபெருக்கிக்கு முன் வந்து நின்றபோது 8 நிமிடமே மீதி. மலைக்கிராமத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வந்தவர் அவர். மாணவர்களின் எழுத்துப் பயிற்சி ஏடுகளை ஒரு துணிப்பையில் கொண்டு வந்திருந்தார். அதைத் திறக்காமலேயே எடுத்துச் சென்றார். கூடுதலாகப் பேசிய அந்த இருவரும் எடுத்தது 4 நிமிடம்தான். தலைவரான நான் 5 நிமிடத்துக்குப் பதில் 13 நிமிடம் பேசியிருந்தேன்.

அந்த 8 நிமிடத்திலும் ஒரு பகுதி என் பிழையைத் திருத்துவதிலேயே போனது. நான் வாசித்த குறிப்பு 4 ஆண்டுகளுக்கு முந்தையது. அதிலிருந்த பள்ளியை விட்டு அவர் மாறுதலாகி 3 ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘முனைவர்’ என்று அழைத்தேன். அவர் இன்னும் ஆய்வேட்டையே சமர்ப்பிக்கவில்லை. “மன்னிக்கணும் ஐயா, நான் முனைவர் இல்லீங்க” என்று தொடங்க வேண்டிய நிலைக்கு ஓர் ஆசிரியரைத் தள்ளியிருந்தேன்.

இந்த ஆண்டு அவருக்கு மீண்டும் வாய்ப்பு தந்தார்கள். அமர்வுத் தலைவராக என்னையே அழைத்தார்கள். பழைய குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு திருத்தி எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பார்த்தது நேரத்தை. கைப்பேசியில் நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டு, மேடையில் பேசும் வேகத்தில் ஒரு பத்தியை உரக்க வாசித்தேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 சொற்கள் வந்தன. மனதுக்குள் வாசித்தால் இதைவிட வேகமாகப் போகும், அந்தக் கணக்கை நம்பக் கூடாது. எனக்குரிய 5 நிமிடத்தில் தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று போனது. பேச்சாளர்கள் எழுந்து வருவதற்கும் கணினியில் கோப்பைத் திறப்பதற்கும் ஒன்றரை நிமிடம் ஒதுக்கினேன். மிஞ்சிய ஒன்றரை நிமிடத்தை மூவருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு அரை நிமிடம், அதாவது 40 சொற்கள். பழைய குறிப்பில் சுமார் 240 சொற்கள் இருந்தன. ஆறில் ஒரு பங்காக்க வேண்டும் என்றால் அங்கொரு சொல் இங்கொரு சொல் என்று வெட்டிப் பயனில்லை. புதிதாகத்தான் எழுத வேண்டும்.

எதை வைப்பது என்பதற்கு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டேன்: இவர் இன்று பேசப்போவதைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி உதவுமா? பிறந்த ஊரும் படித்த கல்லூரியும் இந்தக் கேள்வியில் உதிர்ந்தன. கலந்துகொண்ட பயிற்சிகளின் பட்டியலும் போயிற்று. பெற்ற விருதை விடத்தான் மனம் வரவில்லை. ஆனால் மற்ற இருவரில் ஒருவருக்கு விருது எதுவும் இல்லை. இவருக்குச் சொல்லி அவருக்குச் சொல்லாவிட்டால் அவர் குறைந்தவராகத் தெரிவார். எனவே விருதுகளையெல்லாம் கருத்தரங்க மலரில் அச்சிடக் கேட்டுக்கொண்டு, மேடையில் மூவருக்கும் ஒரே அளவு என்று முடிவு செய்தேன். மூவரில் மூத்தவருக்கு இது வருத்தம் தரலாம் என்று தோன்றியதால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். “அந்த நேரத்தைப் பேசுறதுக்குக் குடுங்க, அது போதும் சார்” என்றார்.

அடுத்தது சரிபார்ப்பு. மூவரிடமும் நேரடியாகக் கேட்டேன்: உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், இன்று என்ன பணியில் எங்கே இருக்கிறீர்கள், இந்தப் பொருளில் எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள்? பெயரைக் கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். நிகழ்ச்சி நிரல் ஆங்கிலத்தில் வந்திருந்தது. அதில் தலைப்பெழுத்து S என்றிருந்தால் தமிழில் அது ச, சி, சு, செ என எதுவாகவும் இருக்கும். ஊர்ப்பெயரில் வரும் L லகரமா, ளகரமா என்பதும் தெரியாது. ல, ள, ழ பற்றிப் பேச வருபவரின் ஊர்ப்பெயரையே தவறாகச் சொல்வது போல ஒரு சங்கடம் வேறில்லை.

எழுதியதை அவருக்கே அனுப்பிக் காட்டினேன். நல்லவேளை. என் முதல் வரைவில் “இவரது முயற்சியால் பிழைகள் பாதியாகக் குறைந்தன” என்று எழுதியிருந்தேன். உடனே அழைத்தார். “ஐயா, ளகரத்துலதான் பாதி குறைஞ்சுது. ழகரம் அவ்வளவா மாறல. ஏன் மாறலங்கறதைத்தான் கடைசியில சொல்லப் போறேன்.” ஒரே வாக்கியத்தில் நான் இரண்டு தவறுகள் செய்திருந்தேன். அவருடைய முடிவை மிகைப்படுத்தியது ஒன்று. அவர் சொல்ல வேண்டியதை நானே முந்திக்கொண்டு சொன்னது மற்றொன்று. அதன்பின் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அறிமுகத்தில் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் வரலாம், கண்ட முடிவு வரக் கூடாது.

கடைசியில் நின்ற வடிவம் இது:

“வகுப்பில் குழந்தைகள் எழுதியதைத் திருத்தும்போது ல, ள, ழ இடம் மாறி வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் பிழைகளைக் குழந்தைகளே தேடிக் கண்டுபிடிக்கும்படி ஓராண்டு செய்து பார்த்திருக்கிறார் அடுத்துப் பேசும் ஆசிரியர். மலைக்கிராமத்து ஈராசிரியர் பள்ளியில் நான்கு ஆண்டுகளாக இடைநிலை ஆசிரியர். தலைப்பு, ‘பிழையைத் தேடும் குழந்தைகள்’. பேச வருகிறார்…”

இதன்பின் பெயர். அதையும் சேர்த்து 40 சொற்களுக்குள் அடங்கிவிட்டது. பெயரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பெயர் காதில் விழுந்ததும் அவை கைதட்டும், பேச்சாளர் எழுந்துவிடுவார். பெயரை முதலில் சொல்லிவிட்டால் அவர் எழுந்து நடந்து வந்து, நாம் முடிக்கும் வரை அருகில் நின்றுகொண்டிருக்க வேண்டியதாகும். ‘சீரிய சிந்தனையாளர்’, ‘ஆற்றல்மிகு ஆசிரியர்’ போன்ற தொடர்களை அழித்துவிட்டேன். யாருக்கும் பொருந்துபவை அவை. மூவருக்கும் அவற்றையே சொல்லியிருந்தேன் என்பதைப் பழைய தாளைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன்.

அமர்வன்று மூன்று கோப்புகளையும் முன்பே ஒரே கணினியில் ஏற்றிவைத்து, மூவரையும் முன்வரிசையில் ஓரமாக அமர்த்தினோம். என் தாளில் ஒவ்வோர் அறிமுகத்தின் அருகிலும் அது தொடங்க வேண்டிய மணியை எழுதியிருந்தேன். முதல் பேச்சாளர் 2 நிமிடம் கூடுதலாக எடுத்தார். அதற்காக மற்றவர்களின் அறிமுகத்தை மேலும் சுருக்க முடியாது, 40 சொற்களில் சுருக்க என்ன இருக்கிறது? கலந்துரையாடலில் 2 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டேன்.

மூன்றாமவருக்கு 15 நிமிடம் முழுதாகக் கிடைத்தது. துணிப்பையைத் திறந்து ஏடுகளை வரிசை வரிசையாகக் கொடுத்தனுப்பினார். ஒரு குழந்தை ‘பழம்’ என்ற சொல்லை ஐந்து விதமாக எழுதிப் பார்த்து, நான்கைத் தானே அடித்திருந்த பக்கம் என் கைக்கும் வந்தது.