பத்துக் கோடி வாங்கி, பதினோரு கோடி திருப்பும் நாள்

டிபென்ச்சர் என்றால் நிறுவனம் பொதுமக்களிடமோ முதலீட்டாளர்களிடமோ வாங்கும் கடனுக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம். அதில் முகமதிப்பு, வட்டி விகிதம், முதிர்வுத் தேதி மூன்றும் எல்லோர் கண்ணிலும் படும். நான்காவதாக ஒரு வரி இருக்கும். அவசரத்தில் படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். 'முதிர்வின்போது 10 சதவீத பிரீமியத்துடன் மீட்கப்படும்' என்கிற வரி அது.

ஒரு நிறுவனத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. அதன் பங்குகளோ கடன் பத்திரங்களோ பங்குச்சந்தையில் பட்டியலிடப்படவில்லை. 1,000 ரூபாய் முகமதிப்பில் ஒரு லட்சம் டிபென்ச்சர் வெளியிட்டு 10 கோடி ரூபாய் திரட்டுகிறது. ஆண்டு வட்டி 9 சதவீதம். ஐந்தாண்டு முடிவில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் 1,100 ரூபாய் தர வேண்டும். வாங்கியது 10 கோடி, திருப்புவது 11 கோடி.

அந்தக் கூடுதல் ஒரு கோடி எதற்கு? வட்டியைத்தான் கடைசி நாளுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். புதிய இயந்திரம் வாங்கிய நிறுவனத்துக்கு முதல் சில ஆண்டுகள் கையில் காசு புரளாது. ஆண்டுதோறும் பத்தரை சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டச் சொன்னால் திணறும். அதனால் 9 சதவீதத்தை ஆண்டுதோறும் கட்டிவிட்டு, மிச்சத்தை மொத்தமாக முதிர்வில் தருவதாக ஒப்புக்கொள்கிறது. முதலீட்டாளர் இதில் ஒரு தப்புக்கணக்குப் போடுவது வழக்கம்: '10 சதவீத பிரீமியத்தை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 2, ஆக 11 சதவீதம் கிடைக்கிறது' என்று. உண்மையில் கிடைப்பது சுமார் 10.6 சதவீதம்தான். ஐந்தாண்டு கழித்து வரும் நூறு ரூபாய்க்கு இன்றைய நூறு ரூபாயின் மதிப்பு கிடையாது.

நிறுவனத்தின் பேரேட்டில் இந்த ஒரு கோடி, பத்திரம் வெளியான அன்றே ஏறிவிடுகிறது. காசு இன்னும் கைமாறவில்லை என்றாலும், தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. பற்றில் 'டிபென்ச்சர் வெளியீட்டு நட்டம்' என்று ஒரு கோடி, வரவில் 'மீட்புப் பிரீமியம்' என்று அதே ஒரு கோடி. இரண்டாவது கணக்கு முதிர்வு நாள்வரை பொறுப்புகளின் பக்கத்திலேயே நிற்கும். முதல் கணக்கிலுள்ள நட்டத்தை ஐந்தாண்டுகளுக்குப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக லாபத்திலிருந்து கழிப்பார்கள். புதிய இந்திய கணக்கியல் தரங்களைப் பின்பற்றும் நிறுவனங்களில் தனி நட்டக் கணக்கு இருக்காது. அந்த ஒரு கோடி ஆண்டுதோறும் வட்டிச் செலவோடு சேர்ந்தே ஏறும்.

இப்படிப் பரப்புவது சரிதானா என்ற கேள்வி சென்னையிலிருந்து கிளம்பி உச்ச நீதிமன்றம்வரை போனது. மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் 1966 டிசம்பரில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு டிபென்ச்சர் வெளியிட்டது. நூறு ரூபாய்ப் பத்திரத்தை 98 ரூபாய்க்குக் கொடுத்தது. 12 ஆண்டு கழித்து முழு நூறையும் திருப்ப வேண்டும். தள்ளுபடி மட்டும் 3 லட்சம். அதை 12 ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, முதல் ஆறு மாதத்துக்கான 12,500 ரூபாயைத் தன் கணக்கில் கழித்திருந்தது. பிறகு வருமான வரிக்காக, முழு 3 லட்சத்தையும் அந்த ஓராண்டிலேயே செலவாக ஏற்க வேண்டும் என்றும் கேட்டது. 1997இல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. கடனின் பயன் 12 ஆண்டுக்கும் கிடைக்கிறது, ஆகவே செலவையும் 12 ஆண்டுக்கும் பரப்ப வேண்டும் என்றது நீதிமன்றம். குறைவாக வாங்கிக்கொண்டு முழுதாகத் திருப்புவதும், முழுதாக வாங்கிக்கொண்டு கூடுதலாகத் திருப்புவதும் கடன் வாங்கியவருக்கு ஒரே வகைச் சுமைதான். அதனால் பிரீமியத்தை ஆண்டுகளுக்குப் பங்கிடுவதற்கும் இதே நியாயம் பொருந்துகிறது.

கணக்கில் எழுதியாயிற்று. காசு?

இங்கேதான் 'மீட்புக் காப்பு' வருகிறது. நிறுவனங்கள் டிபென்ச்சர் கடனை வைத்துக்கொண்டே லாபத்தையெல்லாம் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டாக அள்ளிக் கொடுத்துவிட்டு, முதிர்வு நாளில் கையை விரிக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. பழைய கம்பெனிச் சட்டத்தில் 2000ஆம் ஆண்டு திருத்தத்தின் வழியாக இதற்கென்றே ஒரு பிரிவு சேர்ந்தது. இப்போது நடப்பில் உள்ள 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 71ஆவது பிரிவு. டிவிடெண்டாகக் கொடுக்கத் தகுதியான லாபத்திலிருந்து ஒரு பகுதியை இந்தக் காப்புக் கணக்குக்கு மாற்ற வேண்டும். டிபென்ச்சரை மீட்பதற்கு அல்லாமல் வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. நிலுவையிலுள்ள டிபென்ச்சர் மதிப்பில் 25 சதவீதமாக இருந்த அளவு, 2019 ஆகஸ்டில் பட்டியலிடப்படாத நிறுவனங்களுக்கு 10 சதவீதமாகக் குறைந்தது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயமே நீக்கப்பட்டது. கடன் திரட்டும் செலவு குறையட்டும் என்பது அரசு சொன்ன காரணம்.

'காப்பு' என்றதும் பலருக்கும் உண்டியல்தான் நினைவுக்கு வருகிறது. பாதுகாப்பாக எங்கோ காசு சேர்ந்துகொண்டிருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். இந்தத் தவறான நம்பிக்கையைக் களைந்தே ஆக வேண்டும். மீட்புக் காப்பு என்பது லாபத்தின் மேல் போடும் பூட்டு மட்டுமே. நம் தொழிற்சாலை ஒரு கோடி ரூபாயைக் காப்புக்கு மாற்றினால், பேரேட்டில் 'உபரி லாபம்' என்ற தலைப்பிலிருந்து 'மீட்புக் காப்பு' என்ற தலைப்புக்கு ஒரு எண் நகர்கிறது. வங்கிக் கணக்கில் ஒரு பைசாவும் அசைவதில்லை. பங்குதாரர்களுக்குப் போகாமல் நிறுவனத்துக்குள்ளேயே தங்கும் அந்தப் பணம் கிடங்கில் இரும்புத் தகடாக இருக்கலாம். வாடிக்கையாளர்களிடம் வசூலாகாத பாக்கியாக இருக்கலாம். முதிர்வு நாளில் இரும்புத் தகட்டை வைத்துக் கடனை அடைக்க முடியாது. போதாக்குறைக்கு, லாபம் வந்தால்தான் காப்பு. நட்டத்தில் ஓடும் நிறுவனத்திடம் அதற்கு மாற்ற எதுவும் இருக்காது.

இந்த ஓட்டை சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. அதனால் காசுக்கென்று தனியாக ஒரு விதி வைத்தார்கள். வரும் மார்ச் 31க்குள் முதிரவிருக்கும் டிபென்ச்சர் தொகையில் 15 சதவீதத்தை, அந்த நிதியாண்டின் ஏப்ரல் 30க்குள் நிஜமான பணமாக ஒதுக்க வேண்டும். அரசுக் கடன் பத்திரத்தில் போடலாம். வங்கியில் டெபாசிட் செய்யலாம். டெபாசிட்டின் மேல் எந்தப் பிடிமானமும் இருக்கக் கூடாது. ஓவர்டிராஃப்டுக்கு அடமானமாக வைத்த டெபாசிட் ரசீதைக் காட்டி, 'இதோ ஒதுக்கிவிட்டோம்' என்று சொல்ல முடியாது. ஆண்டறிக்கையில் கணக்குக் குறிப்புகளைப் புரட்டினால் வங்கி டெபாசிட்டுகளில் எவ்வளவு அடமானத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். டிபென்ச்சர் வாங்கியவர் முதலில் விரலை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

இனி நம் தொழிற்சாலையின் கணக்கைக் கூட்டிப் பார்க்கலாம். காப்பு 10 சதவீதம், அதாவது ஒரு கோடி. அது எண்தான், ரொக்கம் இல்லை. கடைசி ஆண்டு ஏப்ரலில் ரொக்கமாக ஒதுக்க வேண்டியது 15 சதவீதம், ஒன்றரைக் கோடி. இவை இரண்டும் வழக்கமாக முகமதிப்பின் மேல்தான் கணக்கிடப்படுகின்றன. பிரீமியம் கணக்கில் வருவதில்லை. ஆக, தர வேண்டியது 11 கோடி, சட்டப்படி கையில் இருப்பது உறுதியான காசு ஒன்றரைக் கோடி. மிச்சம் ஒன்பதரைக் கோடியை நிறுவனம் பதினோரு மாதத்தில் எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். பெரும்பாலும் புதுக்கடன் வாங்கித்தான் பழைய கடனை அடைக்கிறார்கள். அந்த நேரத்தில் வங்கிகள் கை இறுக்கிப் பிடித்தால் நன்றாக நடக்கும் தொழிலும் முட்டிக்கொண்டு நிற்கும்.

இதைவிட ஒழுங்கான வழி ஒன்று பழைய கணக்குப் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் 'சிங்கிங் ஃபண்ட்' முறை. ஆண்டுதோறும் ஒரே தொகையை எடுத்துத் தொழிலுக்கு வெளியே முதலீடு செய்து, வட்டியையும் தொடாமல் அதிலேயே சேர்த்துக்கொண்டு போவது. மாதாமாதம் சீட்டுக் கட்டுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் நன்றாகப் புரியும். ஐந்தாண்டில் 11 கோடி சேர வேண்டும், 7 சதவீத வட்டி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் போட வேண்டியது ஏறக்குறைய 1 கோடியே 91 லட்சம். இரண்டாம் ஆண்டு முடிவில் அது 3.96 கோடி, மூன்றாம் ஆண்டு 6.15 கோடி, நான்காம் ஆண்டு 8.49 கோடி, ஐந்தாவது தவணையோடு 11 கோடி. நிறுவனம் தன் கையிலிருந்து போட்டது சுமார் 9.56 கோடிதான். மீதி 1.44 கோடி வட்டியாக வந்தது. பிரீமியமான ஒரு கோடியையும் தாண்டி வட்டியே சம்பாதித்துக் கொடுத்துவிட்டது.

இதற்கும் ஒரு விலை உண்டு. 10.6 சதவீதத்துக்குக் கடன் வாங்கிய நிறுவனம் அதே பணத்தை 7 சதவீதத்துக்கு வெளியே போட்டுவைத்தால், இடைவெளி அதற்கு நட்டம். நிதி மேலாளர்கள் இந்த முறையை விரும்பாததற்கு இதுதான் காரணம், அது நியாயமான காரணமும்கூட. ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளை விட்டுவிட்டு, கடைசி மூன்றாண்டிலாவது சேர்க்கத் தொடங்கும் நிறுவனம், எதையுமே சேர்க்காத நிறுவனத்தைவிட எவ்வளவோ மேல்.

சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காற்றாலை நிறுவனமான சுஸ்லானின் அனுபவம் இருக்கிறது. 2007இல் அது வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம், பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய டாலர் பத்திரங்களை விற்றது. ஆண்டு வட்டி கிடையாது. பங்காக மாற்றிக்கொள்ளாதவர்களுக்கு 2012இல் நூறு டாலருக்குச் சுமார் 145 டாலர் திருப்புவதாக ஒப்பந்தம். பங்கு விலை ஏறும், எல்லோரும் பங்காக மாற்றிக்கொள்வார்கள், பிரீமியம் தர வேண்டிய நிலையே வராது என்பது அன்றைய எதிர்பார்ப்பு. 2008இல் உலகச் சந்தை சரிந்தது. பங்கு விலை மீளவில்லை. போதாததற்கு, 2007இல் சுமார் 40 ரூபாயாக இருந்த டாலர் 2012இல் 53 ரூபாயைத் தொட்டிருந்தது. நூறு டாலர் கடனுக்கு அன்று கைக்கு வந்தது ஏறத்தாழ 4,000 ரூபாய். திருப்ப வேண்டியதோ 7,600 ரூபாய்க்கு மேல். நிறுவனம் நான்கு மாத அவகாசம் கேட்டது. பத்திரதாரர்கள் மறுத்தார்கள். 2012 அக்டோபரில் சுமார் 20.9 கோடி டாலரைக் குறித்த நாளில் தர முடியாமல் போனது. இந்த வகை வெளிநாட்டுப் பத்திரங்களை இன்றைய மீட்புக் காப்பு விதி கட்டுப்படுத்துவதும் இல்லை.

உள்நாட்டு டிபென்ச்சரில் தவணை தவறினால், பத்திரதாரர்களோ அவர்கள் சார்பிலுள்ள டிபென்ச்சர் டிரஸ்டியோ தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். அசலையும் வட்டியையும் உடனே தரும்படி தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். மீட்காமல் ஓராண்டு கடந்துவிட்டால் இயக்குநர்கள் பதவிக்கான தகுதியை இழக்கிறார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், முதிர்வு நாளில் நம் தொழிற்சாலை டெபாசிட்டை உடைத்து ஒவ்வொரு பத்திரத்துக்கும் 1,100 ரூபாய் அனுப்பும். பொறுப்புகளின் பக்கத்தில் ஐந்தாண்டு நின்ற டிபென்ச்சர் கணக்கும் பிரீமியக் கணக்கும் ஒரே நாளில் முடிந்துவிடும். மீட்புக் காப்பில் இருந்த ஒரு கோடியின் பூட்டும் திறக்கப்பட்டு, அது பொதுக் காப்புக்கு மாறும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அதிலிருந்து டிவிடெண்ட் கேட்கப் பங்குதாரர்களுக்கு வழி பிறக்கும்.