பூட்டை மாற்றினால் உள்ளே இருப்பவர் வெளியேறி விடுவாரா?

வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது. அது யார் கையில் கிடைத்தது என்று தெரியவில்லை. உடனே ஆளை அழைத்துப் பூட்டை மாற்றி விடுகிறோம். ஆனால், சாவியைக் கண்டெடுத்தவர் பூட்டை மாற்றுவதற்கு முன்பே வீட்டிற்குள் நுழைந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால்? புதிய பூட்டு அவரை ஒன்றும் செய்யாது. வெளியில் இருப்பவரைத் தடுப்பது மட்டுமே பூட்டின் வேலை.

வாட்ஸ்அப் எனும் புலனக் குழுவின் அழைப்பு இணைப்பை மாற்றுவதும் அப்படித்தான். முன்பின் தெரியாதவர்கள் குழுவில் நுழைந்துவிட்டால், இணைப்பை மாற்றியதும் அவர்கள் தாமாக வெளியேறி விடுவார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். வேறு சிலர், இணைப்பை மாற்றினால் குழுவில் உள்ள அனைவரும் கலைந்து போவார்களோ என்று அஞ்சி, மாற்றாமலேயே விட்டு விடுகின்றனர். இரண்டுமே தவறு.

இந்த இணைப்பு என்பது chat.whatsapp.com என்று தொடங்கி, எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறியீட்டோடு முடியும் முகவரி. அதைத் தட்டுபவர் யார், எவர் என்று அது கேட்பதில்லை. முகவரி கையில் இருந்தால் உள்ளே வரலாம். பொது இடத்தில் ஒட்டப்பட்ட இணைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2020 பிப்ரவரியில், இத்தகைய குழு இணைப்புகள் ஏராளமாகக் கூகுள் தேடலில் கிடைப்பது வெளிச்சத்துக்கு வந்தது. 2021 ஜனவரியில் அதே சிக்கல் மீண்டும் தலைதூக்கியது.

ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவர்களின் பெற்றோர் குழு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வகுப்பாசிரியையோடு சேர்த்து 58 பேர். இன்னும் சேராத பெற்றோருக்கு உதவட்டும் என்று ஒரு தந்தை நல்லெண்ணத்தோடு குழுவின் இணைப்பைத் தம் முகநூல் பக்கத்தில் போடுகிறார். அந்தப் பக்கம் எல்லாரும் பார்க்கக் கூடியது. சனிக்கிழமை இரவு, படமோ பெயரோ இல்லாத மூன்று எண்கள் குழுவில் சேர்கின்றன. எண்ணிக்கை 61 ஆகிறது.

ஞாயிறு காலையில் குழு நிர்வாகியான ஒரு தாயார் இதைக் கவனித்து, இணைப்பை மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். ஆனால், உறுப்பினர் எண்ணிக்கை அப்போதும் 61தான். அதை அவர் பார்க்கவில்லை. புதன்கிழமை, ஆசிரியையின் பெயரிலும் படத்திலும் பெற்றோர் பலருக்குத் தனித்தனியே செய்தி வருகிறது. விளையாட்டுச் சட்டைக்கு 35 ரிங்கிட், இந்த வங்கிக் கணக்கில் இன்றே செலுத்தவும் என்கிறது அது. ஒருவர் செலுத்தியும் விடுகிறார். ஆசிரியையின் படத்தையும் பெற்றோரின் எண்களையும் அந்த மூவர் எங்கும் தேடி அலையவில்லை. குழுவுக்குள்ளேயே இருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தாயார் செய்தது தவறான வேலை அன்று; பாதி வேலை. இணைப்பை மாற்றியதும் பழைய குறியீடு செத்துவிடும். அதைத் தட்டுபவருக்கு இணைப்பு மாற்றப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பே கிடைக்கும். பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் சதுரமும் அதே இணைப்பைத்தான் தாங்கியிருக்கிறது. ஆகவே அதுவும் பயனற்றுப் போகும், புதிதாக அச்சிட வேண்டும். ஆனால், ஏற்கனவே உள்ளே இருப்பவர்களை இந்த மாற்றம் தொடுவதே இல்லை. உண்மையான பெற்றோர் மீண்டும் சேர வேண்டியதில்லை. பழைய செய்திகளும் அழியா. அதே நியாயப்படி, வேண்டாத மூவரும் உள்ளேயே இருப்பார்கள்.

அப்படியானால் முழு வேலை என்ன? முதலில் இணைப்பை மாற்ற வேண்டும். குழுவின் பெயரைத் தட்டி, Invite via link என்பது போன்ற வரிக்குச் சென்றால், அங்கே Reset link இருக்கும். இதை நிர்வாகி செய்ய வேண்டும். ஆட்களை நீக்குவது இதற்குப் பிறகுதான். வரிசை மாறினால், இங்கே ஒருவரை நீக்கிக் கொண்டிருக்கும்போதே பழைய இணைப்பின் வழியாக இன்னொருவர், அல்லது அவரே வேறு எண்ணில், நுழைய முடியும். கதவைச் சாத்திவிட்டுத்தான் அறைகளைத் தேட வேண்டும்.

அடுத்து, யாரை நீக்குவது? உரையாடலில் பின்னோக்கிச் சென்றால், எந்த எண் எந்த நாளில் இணைப்பின் வழியாகச் சேர்ந்தது என்ற சிறு அறிவிப்பு வரிகள் தென்படும். அந்த எண்களை வகுப்பாசிரியையிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பெயர் தெரியவில்லை என்பதற்காக மட்டும் நீக்கிவிடக் கூடாது. பேரப்பிள்ளையை அன்றாடம் பள்ளிக்கு அழைத்து வரும் தாத்தாவின் எண்ணாகவும் அது இருக்கலாம். ஐயம் இருந்தால் அழைத்துப் பேசலாம். உறுதியானதும், உறுப்பினர் பட்டியலில் அந்த எண்ணைத் தட்டி Remove கொடுத்து, ஒவ்வொருவராக நீக்க வேண்டும். முடிந்ததும் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 61 மீண்டும் 58 ஆகியிருந்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள்.

புதிய இணைப்பை நீக்கும் வேலை முடியும் முன்னர் குழுவிலேயே போட்டுவிடுவோரும் உண்டு. உள்ளே இருக்கும் அந்நியர் கையில் புதுச் சாவியை நாமே கொடுப்பதாகும் அது. தேவைப்படும் பெற்றோருக்குத் தனியே அனுப்புவதே நல்லது. அதோடு, Group permissions பகுதியில் Approve new members என்பதை இயக்கி வைத்தால், இணைப்பைத் தட்டுபவர் நேரே உள்ளே வர முடியாது. நிர்வாகியின் அனுமதிக்காக வாசலில் காத்திருப்பார். ஆனால் இதுவும் இனி வருபவர்களுக்கே பொருந்தும். இயக்கிய நாளுக்கு முன்பே வந்தவர்களைச் சோதிக்காது.

நீக்கியவுடன் எல்லாம் சரியாகி விடுமா? நீக்கிய நேரத்திலிருந்து குழுவின் புதிய செய்திகள் அவர்களுக்குப் போகா. ஒருவர் வெளியேறியதும் மற்றவர்களின் கைப்பேசிகள் குழுவுக்கான பழைய மறையாக்கச் சாவிகளைக் கைவிட்டுப் புதியவற்றை உருவாக்கிக் கொள்கின்றன. அவர்கள் சேர்வதற்கு முன் வந்த செய்திகளும் அவர்களுக்குத் தாமாகத் தெரியமாட்டா. ஆனால், இடைப்பட்ட நாட்களில் வந்த செய்திகள், படங்கள், உறுப்பினர் எண்கள் அனைத்தும் அவர்கள் கைப்பேசியில் இருக்கும். அவற்றை எந்தப் பொத்தானாலும் திரும்பப் பெற முடியாது.

ஆகவே கடைசி வேலை கைப்பேசியில் இல்லை, வாய்ச்சொல்லில் இருக்கிறது. சனி இரவு முதல் இன்று வரை மூன்று அந்நியர்கள் குழுவில் இருந்தார்கள், நம் எண்களைப் பார்த்திருக்கலாம், பணம் கேட்டுத் தனிச் செய்தி வந்தால் ஆசிரியையை அழைத்துக் குரல் கேட்ட பிறகே நம்புங்கள் என்று நிர்வாகி எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும். வெட்கப்பட்டு இதை மறைப்பதால்தான் புதன்கிழமைச் செய்தி பலித்துவிடுகிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் வங்கியையோ, மலேசியாவில் 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் அழைத்தால்தான் அதைத் தடுத்து நிறுத்த வழி இருக்கும்.

ஞாயிறு காலையில் அந்தத் தாயார் இந்த அறிவிப்பையும் கொடுத்திருந்தால், அந்த 35 ரிங்கிட் போயிருக்காது.